முதல் பெட்டில் ஐந்து கிலோ புழு போச்சு

ஒட்டன்சத்திரம் பக்கம் எங்கள் தோட்டம். இரண்டு மாடு, முக்கால் ஏக்கர் காய்கறி. மண்புழு உரம் தயாரிக்க, பன்னிரண்டுக்கு நாலு அடியில் தொட்டி மாதிரி இருக்கும் சில்பாலின் பிளாஸ்டிக் பெட் வாங்கி, தென்னை மரத்தடியில் கீற்றுப் பந்தல் போட்டேன். அன்றைக்கு அள்ளிய சாணி, முட்டைக்கோஸ் இலை, வீட்டுச் சமையல் கழிவு எல்லாவற்றையும் கொட்டி, ஐந்து கிலோ புழுவையும் அதே சாயங்காலம் விட்டேன்.

காலையில் பார்த்தால் புழு எல்லாம் பெட் ஓரத்தில் கொத்துக் கொத்தாக ஏறி நிற்கிறது. கோழிகளுக்குக் கொண்டாட்டம். முழங்கை வரை கையை விட்டேன், உள்ளே சோற்றுப் பானை மாதிரி சூடு. பச்சைச் சாணியும் பச்சை இலையும் மட்க ஆரம்பித்தால் அப்படித்தான் கொதிக்கும். புழு அதில் தாங்காது.

இப்போது கழிவையும் சாணியையும் பாதிக்குப் பாதி கலந்து, வெளியே குவித்து, வாரம் ஒரு முறை புரட்டி, இருபது நாள் விடுகிறேன். கை வைத்தால் குளிர்ச்சியாக இருந்தால்தான் பெட்டுக்குள் போகும். அதற்குப் பிறகும் முதலில் ஒரு கைப்பிடி புழுவை மட்டும் மேலே விட்டுப் பார்ப்பேன். பத்து நிமிடத்தில் உள்ளே இறங்கினால் சரி. உப்பும் எண்ணெயும் சேர்ந்த மிச்சச் சாப்பாட்டைச் சேர்ப்பதே இல்லை.

எழுபது நாளில் மேலே டீத்தூள் மாதிரி ஆகிவிடும். தண்ணீரை நாலைந்து நாள் நிறுத்தினால் புழு அடிக்கு இறங்கும், மேலிருந்து வழித்துச் சலிக்கலாம். ஒரு டன் கொட்டினால் எனக்கு நானூற்றைம்பது கிலோதான் தேறியது.

விற்பதில் வேறு பாடம். சலித்த ஈரத்தோடு ஐந்து கிலோ பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் ஒட்டித் திண்டுக்கல்லுக்கு அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து, மாடித் தோட்டம் வைத்திருக்கும் அக்கா ஒருவர் போட்டோ அனுப்பினார்: பைக்குள் நீர்த்துளி, செத்த குஞ்சுப் புழு. நாற்றம் வேறயாம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். இப்போது நிழலில் இரண்டு மூன்று நாள் பரப்பி, பிடித்தால் பிடிபட்டு விரலால் தட்டினால் உதிரும் பதத்தில், ஓட்டை போட்ட பையில் கட்டுகிறேன். நூறு கிலோ எண்பதாகிவிடும். ஈரத்தோடு விற்பவன் தண்ணீரையும் சேர்த்துத்தானே விற்கிறான்!

மாடித் தோட்டக்காரர்கள் ஐந்து கிலோவுக்கு நூறு ரூபாய் தருகிறார்கள். விவசாயிக்கு ஐம்பது கிலோ மூட்டை ஐந்நூறுக்குத் தருகிறேன். அதற்கே பக்கத்துத் தோட்டத்து மாமா கணக்குப் போட்டார். "ஏக்கருக்கு ரெண்டு டன் போடணும்னா இருபதாயிரம் ஆகுது மாப்ள. நாத்துக்கும் கன்னுக் குழிக்கும் மட்டும் நாலு மூட்டை போடு."

அவர் சொன்னது நியாயம்தான். போன மாதம் மறுபடி வந்தார். உரம் வேண்டாமாம், இரண்டு கிலோ புழு வேண்டுமாம். கொடுத்தேன், பச்சைச் சாணியில் விட வேண்டாம் என்று சொல்லி.