49.30 என்ற ஒரே எண்ணை வைத்து எது பாக்கி என்று கண்டுபிடித்த கதை

போன வருடம் வேலைக்குப் போய்க்கொண்டே கணினியில் வரைபடம் தயாரிக்கும் ஜி.ஐ.எஸ். பற்றிய பன்னிரண்டு வார ஆன்லைன் சான்றிதழ் படிப்பு ஒன்றில் சேர்ந்தேன். நடத்தியவர்கள் பெயர் வேண்டாம். மூடுல் என்ற ஆன்லைன் படிப்பு மென்பொருளில் அமைந்த போர்ட்டலில்தான் எல்லாம் நடந்தது. ஒவ்வொரு வாரம் முடிந்ததும் அந்த வாரத்துப் பக்கத்தை அவர்கள் மறைத்துவிடுவார்கள், அப்புறம் போய்ப் பார்க்க முடியாது. மதிப்பெண் பக்கத்திலும் தனித்தனி மதிப்பெண்களை மறைத்து வைத்திருந்தார்கள். Grades என்பதை அழுத்தினால் படிப்பின் பெயரும் அதற்கு எதிரே ஒரே ஒரு சதவீதமும் வரும். பதினோராவது வாரம் அங்கே 49.30 என்று இருந்தது.

எனக்கு அது இடித்தது. ப்ராஜெக்ட் மட்டும்தான் பாக்கி, மற்றதெல்லாம் கொடுத்தாகிவிட்டது என்று உறுதியாக நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியென்றால் 57, 58 இருக்க வேண்டும். சான்றிதழுக்கு மொத்தத்தில் 60 வேண்டும், அது ப்ராஜெக்ட் செய்தால் எப்படியும் வந்துவிடும். ஆனால் நான்கு அசைன்மென்டையும் கண்டிப்பாகச் சமர்ப்பித்திருக்க வேண்டும் என்று இன்னொரு விதியும் இருந்தது. ஏதாவது ஒன்று விட்டுப்போயிருந்தால் மொத்தம் 80 வந்தாலும் சான்றிதழ் கிடையாது. அதனால் எவ்வளவு குறைகிறது என்பதைவிட எது குறைகிறது என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

ஒருங்கிணைப்பாளருக்கு மெயில் போட்டேன். "எனக்கு ஏதாவது பாக்கி இருக்கிறதா மேடம்" என்று கேட்டிருந்தேன். மதிப்பெண் பக்கத்தைப் பார்க்கவும் என்று பதில் வந்தது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், முந்நூறு பேர் அப்படிக் கேட்டால் யாருக்கும் தேடிப் பார்க்க நேரம் இருக்காது. அன்று இரவு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் வாரம் தந்த பாடத்திட்டத் தாள் கையில் இருந்தது. குவிஸ் பத்து, எல்லாம் சேர்ந்து 30 சதவீதம். அசைன்மென்ட் நான்கு, 40 சதவீதம். ப்ராஜெக்ட் 30. அதாவது ஒரு குவிஸ் மொத்தத்தில் 3, ஒரு அசைன்மென்ட் 10. இந்தத் தாள் இல்லையென்றால் மேற்கொண்டு எதுவுமே செய்திருக்க முடியாது, அதனால் யாராவது இப்போது ஏதாவது படிப்பில் சேர்ந்திருந்தால் இன்றைக்கே அதைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கில் இறங்குவதற்கு முன் ஒன்றைத் தீர்த்தாக வேண்டும். மதிப்பெண் போடாத வேலையை அந்த 49.30 பூஜ்யமாக எடுத்துக்கொண்டதா, இல்லை கணக்கிலேயே சேர்க்காமல் விட்டதா? மூடுலில் Exclude empty grades என்று ஒரு அமைப்பு உண்டு. அது போட்டிருந்தால் காலியாக இருப்பதை விட்டுவிட்டு, செய்த வேலைக்கு மட்டும் சராசரி காட்டும். போடவில்லை என்றால் காலி இடம் பூஜ்யமாகிவிடும். ஒரே மாணவருக்கு இந்த இரண்டு விதத்திலும் வரும் எண்கள் ஒன்றுக்கொன்று வெகுதூரம் தள்ளி நிற்கும். எனக்குத் தெரிந்த மதிப்பெண்கள் பெரும்பாலும் 80-ஐ ஒட்டியவை. செய்ததை மட்டும் எடுத்திருந்தால் மொத்தமும் 80 பக்கம் இருந்திருக்கும். 49 என்று காட்டுகிறது என்றால் ப்ராஜெக்ட் இப்போதே பூஜ்யமாக உள்ளே உட்கார்ந்திருக்கிறது. இது எனக்கு நல்லதாகவே போயிற்று, ஏனென்றால் காலி இடத்தை விட்டுவிடும் முறையில் ஒரு அசைன்மென்ட் கொடுக்காமல் போனால் சதவீதம் அதைக் காட்டிக்கொடுக்கவே கொடுக்காது, கடைசி நாளில் ஆசிரியர் பூஜ்யம் போடும்போதுதான் தடாலென்று இறங்கும்.

சரி, பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு கூட்ட ஆரம்பித்தேன். குவிஸ் முடித்ததும் திரையில் வரும் மதிப்பெண்ணை நோட்டில் எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. பத்துக்கு 8, 9, 7, 10, 8, 9, பிறகு ஏழாவது காலி, பிறகு 8, 9, 10. ஏழாவதைத் திருச்சியிலிருந்து ரயிலில் வரும்போது செல்போனில் செய்தேன், கடைசிப் பக்கத்தில் நெட்வொர்க் போய்விட்டது. நேரம் முடிந்ததும் தானாகச் சமர்ப்பிக்கப்படும் என்று போட்டிருந்தார்கள், ஆனால் மதிப்பெண்ணை நான் பார்க்கவே இல்லை. மற்ற ஒன்பதும் சேர்ந்து 78, ஒவ்வொரு மதிப்பெண்ணும் மொத்தத்தில் 0.3, ஆக 23.4.

அசைன்மென்டில் முதல் மூன்றுக்கும் திருத்திய பிடிஎஃப் மெயிலில் வந்திருந்தது. 80, 85, 70. அதாவது 8, 8.5, 7. கூட்டினால் 23.5. நான்காவதற்கு எதுவும் வரவில்லை, திருத்தத் தாமதமாகிறது என்று நினைத்திருந்தேன். எல்லாம் சேர்த்தால் 46.9. திரையில் 49.30. மிச்சம் 2.4.

இந்த 2.4 எங்கிருந்து வந்தது? தெரியாதவை இரண்டே இரண்டுதான், ஏழாவது குவிஸும் நான்காவது அசைன்மென்டும். குவிஸ் மதிப்பெண் முழு எண்களில்தான் வரும், அதனால் மொத்தத்தில் அது 0.3, 0.6, 0.9 என்று 0.3 படியாகத்தான் ஏறும். அசைன்மென்டுக்கு அவர்கள் மதிப்பீட்டுக் கட்டம் வைத்துத் திருத்துவார்கள், எல்லா மதிப்பெண்ணும் ஐந்தின் மடங்கு, அதனால் அது 0.5 படியாக ஏறும். 0.3 படிகளையும் 0.5 படிகளையும் வைத்து 2.4-ஐ எத்தனை வழியில் கட்டலாம் என்று ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தேன். இரண்டே வழிதான். குவிஸ் 8, அசைன்மென்ட் 0. அல்லது குவிஸ் 3, அசைன்மென்ட் 15.

இரண்டாவது நடந்திருக்க வாய்ப்பில்லை. ரயில் குவிஸில் ஒரு பக்கத்துக்கு ஒரு கேள்வி, பக்கம் மாறும்போதெல்லாம் விடை சேமிக்கப்படும். ஒன்பது பக்கம் தாண்டியிருந்தேன், மற்ற குவிஸ் எதிலும் 7-க்குக் கீழே போகாதவன் அதில் மட்டும் 3 வாங்கியிருக்க வேண்டும். அசைன்மென்டில் நூற்றுக்கு 15 போட்டிருந்தால் திருத்திய பிடிஎஃபாவது வந்திருக்கும். ஆக நான்காவது அசைன்மென்ட் பூஜ்யம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து வரைபடம் தயாரித்து அந்தக் கோப்பை நான் ஏற்றினேன், அது நன்றாக நினைவிருக்கிறது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கணக்கு இவ்வளவு சுத்தமாக வந்ததற்குக் காரணம் திரையில் இரண்டு தசம இடம் இருந்ததுதான். வெறும் 49 என்று காட்டியிருந்தால் மிச்சம் 1.6-லிருந்து 2.6 வரை எதுவாகவும் இருந்திருக்கலாம், அதற்குள் பத்துக்கும் மேல் சேர்க்கைகள் பொருந்தும். மிகக் குறைந்த மதிப்பெண்ணை நீக்கும் விதி இருந்தாலும் கஷ்டம். என் தோழி படித்த இன்னொரு படிப்பில் பத்துக் குவிஸில் சிறந்த எட்டை மட்டும்தான் எடுப்பார்கள், அவள் இரண்டு குவிஸ் எழுதவே இல்லை, மொத்தம் அசையவில்லை. அந்த மாதிரி இடத்தில் சதவீதத்தை மட்டும் வைத்து விட்டுப்போனதைக் கண்டுபிடிக்க முடியாது. தாமதத்துக்கு மதிப்பெண் குறைத்தாலும் அந்த 0.5 படிகள் கலைந்துவிடும்.

மறுநாள் ஒருங்கிணைப்பாளருக்கு இரண்டாவது மெயில். இந்த முறை நேராக எழுதினேன். "என் மொத்தம் 49.30. குவிஸிலும் முதல் மூன்று அசைன்மென்டிலும் எனக்குத் தெரிந்த மதிப்பெண்கள் இவை. இதன்படி நான்காவது அசைன்மென்ட் பூஜ்யமாகக் கணக்கில் இருப்பது போலத் தெரிகிறது. ஒன்பதாவது வாரம் கோப்பை ஏற்றினேன். அந்த ஒன்றை மட்டும் என் பெயரில் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியுமா மேடம்?" கணக்கையும் நான்கு வரியில் கீழே போட்டிருந்தேன்.

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. கோப்பு இருக்கிறது, ஆனால் நிலை Draft (not submitted) என்று காட்டுகிறது என்றார்கள்.

அப்போதுதான் விஷயம் புரிந்தது. மூடுலில் அசைன்மென்டைச் சமர்ப்பிக்கத் தனியாக ஒரு பொத்தானை அழுத்த வேண்டும் என்று ஆசிரியர் அமைத்து வைக்கலாம். அப்படி இருந்தால் கோப்பை ஏற்றிச் சேமிப்பது வரைவு மட்டும்தான், அதற்குப் பிறகு Submit assignment என்பதை அழுத்தி, இது என் சொந்த வேலை என்று உறுதி கொடுத்தால்தான் சமர்ப்பித்ததாக ஆகும். முதல் மூன்று அசைன்மென்டுக்கும் இந்தப் பொத்தான் இல்லை, சேமித்தாலே போதும். நான்காவதற்கு மட்டும் மாற்றியிருக்கிறார்கள். நான் சேமித்துவிட்டு மூடிவிட்டேன், அடுத்த வாரம் பக்கமும் மறைந்துபோனது.

மேடம் நல்ல மனசுக்காரர். எனக்கு மட்டும் மூன்று நாள் அவகாசம் நீட்டித்து, பக்கத்தையும் திறந்துவிட்டார். கோப்பைத் திறந்து அதே கோப்புதானா என்று சரிபார்த்து, பொத்தானை அழுத்தி, நிலை Submitted for grading என்று மாறியதைத் திரைப்பிடிப்பு எடுத்து வைத்தேன். வீட்டில் அம்மாவிடம் சொன்னபோது, "ஒரு பொத்தானுக்காகவா ராத்திரி ஒரு மணி வரைக்கும் முழிச்சிருந்தே" என்றார். ஆமாம் அம்மா, அதற்காகத்தான்.

அழுத்திய பிறகும் மொத்தத்தைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன், என் கணக்கு சரியா என்று அதுதான் சொல்லும். ஏற்கனவே 15 இருந்து அது மாறினால் ஒரு அளவு ஏறும், பூஜ்யத்திலிருந்து மாறினால் வேறு அளவு ஏறும். ஆறாம் நாள் திருத்திய பிடிஎஃப் வந்தது, நூற்றுக்கு 80. போர்ட்டலைத் திறந்தால் 57.30. சரியாக 8.00 ஏறியிருந்தது. அங்கே இருந்தது பூஜ்யம்தான், ரயிலில் எழுதிய குவிஸில் வாங்கியது 8. நோட்டில் காலியாக விட்டிருந்த ஏழாவது கட்டத்தில் அதை எழுதிவிட்டு ப்ராஜெக்ட் கோப்பைத் திறந்தேன்.