ஆயா போட்டோவ வெக்டர் கார்ட்டூன் ஆக்கினது: பிராக்டிகல்ல ஒரு தடவ கோட்ட விட்டவனோட அனுபவம்

சத்துவாச்சாரி பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல ஆறு மாச டிசைன் கோர்ஸ் படிச்சேன், அதுல கடைசி பிராக்டிகல் என்னன்னா ரெண்டு மணி நேரம் குடுப்பாங்க, நம்ம போன்ல எடுத்த ஒரு ஆளோட போட்டோவ ஃப்ளாட் வெக்டர் கார்ட்டூனா மாத்திக் காட்டணும். மொத தடவ நான் ஃபெயில். ரெண்டாவது தடவ பாஸ். நடுவுல என்ன மாறுச்சுன்னு எழுதினா புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு உதவும்னு தோணுச்சு. நான் யூஸ் பண்ணது இங்க்ஸ்கேப், காசு கிடையாது, பழைய லேப்டாப்லயும் ஓடும்.

மொத தடவ ஒரு ஃப்ரெண்டோட போட்டோவ போட்டு Path > Trace Bitmap குடுத்துட்டேன். பத்து நிமிஷத்துல படம் ரெடி, பாக்கவும் ஓரளவுக்கு நல்லாத்தான் இருந்துச்சு, மீதி நேரம் பூரா ஜாலியா உக்காந்திருந்தேன். சார் வந்தாரு, பாத்தாரு, "முடி கலர மட்டும் பிரவுன் ஆக்கு"ன்னாரு. க்ளிக் பண்ணா முடியோட சேந்து புருவம், மூக்கு ஓட்டை, தாடைக்கு கீழ நிழல், சட்டை காலர் எல்லாமே செலக்ட் ஆகுது. ஏன்னா அந்த டூலுக்கு முடின்னும் தெரியாது புருவம்னும் தெரியாது, ஒரே அளவு இருட்டா இருக்கிறது எல்லாத்தையும் ஒரே துண்டா வெட்டிடும். நோட் டூல்ல தொட்டு பாத்தா கன்னத்து ஓரத்துல மட்டும் எறும்பு மொய்க்கிற மாதிரி நூத்துக்கணக்குல புள்ளி. அங்கயே முடிஞ்சுது என் கதை.

ரெண்டாவது தடவைக்கு வீட்ல ப்ராக்டீஸ் பண்ணது எங்க ஆயா போட்டோ. குடியாத்தத்துல சித்தி பொண்ணு ஆயாவோட திண்ணையில உக்காந்து எடுத்த செல்ஃபி, அதுல ஆயாவ மட்டும் வெட்டி எடுத்துகிட்டேன். எடுத்த நேரம் நல்ல நேரம், காலையில ஒரு பக்கமா வெளிச்சம் விழுது, மூஞ்சில பாதி வெளிச்சம் பாதி நிழல்னு தெளிவா பிரிஞ்சிருக்கு. இது ரொம்ப முக்கியங்க, ஃப்ளாஷ் போட்டு எடுத்தா நிழலே இருக்காது, உச்சி வெயில்ல நம்ம ஊர்ல எடுத்தா கண்ணு ரெண்டும் குழி மாதிரி இருட்டாயிடும், ரெண்டுமே கார்ட்டூனுக்கு ஆகாது. ஆனா செல்ஃபில ஒரு கோளாறு, கை எட்டுற தூரத்துல எடுக்கறதால மூக்கு பெருசாவும் காது சின்னதாவும் விழும். அஞ்சாறு அடி தள்ளி நின்னு பின்னாடி கேமரால கொஞ்சம் ஜூம் வச்சு எடுத்தா இந்த பிரச்சனை இல்ல. நான் வரையும்போதே மூக்க கொஞ்சம் சுருக்கிகிட்டேன்.

போட்டோவ உள்ள கொண்டு வரும்போது embed, link ன்னு கேக்கும், embed குடுங்க. link குடுத்துட்டு ஃபைல மட்டும் பென் டிரைவ்ல எடுத்துட்டு போனா அங்க போட்டோ தெரியாது. அப்புறம் போட்டோவுக்கு ரெண்டு காப்பி வைங்க. ஒன்னு தனி லேயர்ல, ஒபாசிட்டி பாதியா கொறச்சு, பூட்டு போட்டு, அது மேல தான் வரையப் போறோம். இன்னொன்னு பேஜுக்கு வெளியில முழு கலரோட சும்மா கிடக்கட்டும், கலர் எடுக்கவும் எட்ட நின்னு பாக்கவும்.

இப்ப முக்கியமான இடம். புதுசா பண்றவங்க எல்லாருமே மூஞ்சிய கோடா பாக்குறோம், தாடையில ஆரம்பிச்சு காது வழியா முடி வரைக்கும் ஒரே கோடா இழுத்துகிட்டே போவோம். அப்டி இல்ல, ரங்கோலி கலர் பேப்பர் வெட்டி ஒன்னு மேல ஒன்னு ஒட்டுற மாதிரி யோசிக்கணும். ஆயாவுக்கு நான் வச்ச வரிசை அடியில இருந்து மேல: பின் முடி, கழுத்து, பொடவை, காது, முகம், முக நிழல், கண்ணு மூக்கு வாய், முன் முடி, கடைசியா கண்ணாடி, கம்மல், மூக்குத்தி. இதுல பின் முடிக்கும் முன் முடிக்கும் தனித்தனி லேயர் வேணும், இது பலபேருக்கு தோணாது. முடி தலைக்கு பின்னாடியும் இருக்கு, நெத்தி மேலயும் இருக்கு, ஒரே துண்டுல வரைஞ்சா எங்க வச்சாலும் தப்பாதான் வரும்.

ஒவ்வொரு துண்டும் முழுசா இருக்கணும், அடுத்த துண்டுக்கு அடியில கொஞ்சம் உள்ள போயிருக்கணும். கழுத்து தாடையோட நிக்கக் கூடாது, முகத்துக்கு உள்ள வாய் வரைக்கும் கூட போகட்டும், எப்டியும் முகம் மூடிடும். நான் ஆரம்பத்துல கழுத்தையும் தாடையையும் ஓரத்தோட ஓரம் கரெக்டா ஒட்ட வச்சேன், பாத்தா நடுவுல முடி மாதிரி மெல்லிசா ஒரு வெள்ளை கோடு. ரெண்டு ஓரமும் எவ்ளோ கரெக்டா இருந்தாலும் ஸ்க்ரீன் அந்த ஓரத்த மழுப்பிக் காட்டறதால பின்னாடி இருக்கிற வெள்ளை எட்டிப் பாக்கும். உள்ள தள்ளி விட்டா அந்த பிரச்சனையே கிடையாது.

முகத்த பென் டூல்ல வரையாதீங்க. எலிப்ஸ் டூல எடுத்து மண்டையில இருந்து தாடை வரைக்கும் ஒரு முட்டை போடுங்க, Shift+Ctrl+C அடிச்சா அது பாத் ஆயிடும், நாலே நாலு புள்ளி இருக்கும். நோட் டூலுக்கு மாறி கீழ் புள்ளிய தாடைக்கு இழுங்க, பக்கத்து ரெண்டையும் கன்னத்துக்கு கொண்டு வாங்க, அப்புறம் தாடை எலும்பு திரும்புற இடத்துல ரெண்டு பக்கமும் கோட்டு மேல டபுள் க்ளிக் பண்ணி ஒவ்வொரு புள்ளி சேருங்க. மொத்தம் ஆறு. ஆயா மூஞ்சி ஆறு புள்ளியில வந்துடுச்சு. கன்னம் மேடும் பள்ளமுமா தெரிஞ்சா புள்ளி பத்தலன்னு இன்னும் சேக்கத் தோணும், உண்மையில புள்ளி ஜாஸ்தியா இருக்கறதாலதான் அப்டி தெரியும், ஒன்னு ரெண்ட அழிச்சு பாருங்க. வரையும்போது ஃபில் கலர எடுத்துட்டு மெல்லிசா சிவப்பு கோடு மட்டும் வைங்க, இல்லன்னா கீழ இருக்கிற போட்டோ மறைஞ்சிடும், எங்க வரையறோம்னே தெரியாது.

கலர்ல நான் பட்ட பாடு தனி. டிராப்பர் டூல வச்சு கன்னத்துல க்ளிக் பண்ணா ஒரு தடவ சாம்பல், ஒரு தடவ ஆரஞ்சு, ஒரு தடவ அழுக்கு பிரவுன். ஒரு க்ளிக்குக்கு அது எடுக்கறது ஒரே ஒரு பிக்சல், போன் போட்டோவ பெருசு பண்ணி பாத்தா பக்கத்து பக்கத்து பிக்சல் கூட வேற வேற கலரா தான் இருக்கும். க்ளிக் பண்ணி அப்டியே இழுத்தா ஒரு வட்டம் வரும், அந்த வட்டத்துக்குள்ள இருக்கறதோட சராசரி கலர் கிடைக்கும். வெளிச்சமும் இல்லாம இருட்டும் இல்லாம இருக்கிற கன்னத்துல அப்டி எடுத்து லேசா சரி பண்ணதுல ஆயாவுக்கு `B9794F` வந்துச்சு. நிழல போட்டோல இருந்து எடுக்கல, எடுத்தா செத்த கலரா இருக்கும். தோல் கலரயே வச்சு லைட்னெஸ பத்து கொறச்சு, ஹ்யூவ கொஞ்சம் சிவப்பு பக்கம் தள்ளினேன், `9A5A3A`. கருப்ப கலந்து நிழல் பண்ணா நம்ம தோலுக்கு கரி பூசின மாதிரி ஆயிடும். அதே சமயம் நல்லா இருக்கட்டுமேன்னு தோல வெளுப்பாக்காதீங்க, அது வேற யாரோ ஆயிடும்.

நிழல் ஒரே ஒரு துண்டு தான். கண்ண பாதி மூடி பேஜுக்கு வெளிய கிடக்கிற போட்டோவ பாருங்க, சின்ன சின்ன விஷயம் எல்லாம் மறைஞ்சு ஒரு பக்கம் மட்டும் இருட்டா ஒரு வடிவம் தெரியும், அத முகத்துக்கு வெளிய வழியற மாதிரி தாராளமா வரைங்க. அப்புறம் முகத்த செலக்ட் பண்ணி Ctrl+D, அந்த காப்பியையும் நிழலையும் சேத்து செலக்ட் பண்ணி Path > Intersection. முகத்துக்கு வெளிய வழிஞ்சது எல்லாம் வெட்டுப்பட்டு போயிடும். இங்க ஒரு கூத்து. நான் பண்ணதும் நிழலே காணோம்! Ctrl+Z போட்டு மறுபடி பண்றேன், மறுபடி காணோம், அரை மணி நேரம் இதுலயே போச்சு. கடைசியில பாத்தா நிழல் அங்கதான் இருக்கு, ரெண்டுல அடியில இருக்கிறதோட கலர் தான் வெட்டின துண்டுக்கு வரும், அதனால தோல் மேல தோல் கலர்லயே உக்காந்திருக்கு. க்ளிக் பண்ணி நிழல் கலர குடுத்தா வேல முடிஞ்சுது.

கண்ணு மூக்குக்கு கம்மியா வரையறதுதான் கஷ்டம். ஆயா மூஞ்சில அவ்ளோ சுருக்கம், மொதல்ல எல்லாத்தையும் வரைஞ்சேன், சூனியக்கெழவி மாதிரி ஆயிடுச்சு. எல்லாத்தையும் அழிச்சிட்டு மூக்கு ஓரத்துல இருந்து வாய் ஓரம் வரைக்கும் வர்ற ரெண்டு மடிப்ப மட்டும், கோடா இல்லாம நுனி மெலிஞ்ச துண்டா, நிழல் கலர்லயே வச்சேன், வயசு தெரிஞ்சுது. மூக்குக்கு சுத்தி கோடு வேணாம், அடியில ஒரு சின்ன நிழலும் ரெண்டு ஓட்டையும் போதும். பல்லு தெரியற சிரிப்பா இருந்தா பல்ல தனித்தனியா பிரிக்காதீங்க, ஒரே வெள்ளை துண்டு. ஒரு கண்ண வரைஞ்சு காப்பி எடுத்து H அடிச்சா இன்னொரு கண்ணு ரெடி, ஆனா உள்ள இருக்கிற வெளிச்சப் புள்ளியும் சேந்து திரும்பிடும், அத மட்டும் ரெண்டு கண்ணுலயும் ஒரே பக்கம் மாத்தி வைங்க. பாதி மூஞ்சிய வரைஞ்சு மொத்தமா திருப்புற வேலைய மட்டும் பண்ணாதீங்க, முகமூடி மாதிரி இருக்கும்.

பரீட்சையில இதே ஆயா போட்டோ தான் எடுத்துட்டு போனேன், ஒன்றரை மணி நேரத்துல முடிஞ்சுது. சார் மறுபடியும் அதே கேள்வி, "முடிய கருப்பாக்கு." ரெண்டு முடி லேயரையும் செலக்ட் பண்ணேன், கலர் மாத்தினேன், புருவம் வெள்ளையாவே நின்னுச்சு. அவரு ஒன்னும் சொல்லல, மார்க் போட்டுட்டு அடுத்த ஆள பாக்க போயிட்டாரு.

அந்த வாரம் ஊருக்கு போயி பிரிண்ட ஆயாகிட்ட காட்டினேன். கண்ணாடிய ஏத்தி விட்டு ரொம்ப நேரம் பாத்துச்சு. "நல்லாத்தான் கீது. ஆனா இன்னாடா, மூக்குத்திய இந்தப் பக்கம் குத்திக்கினு கீற?" செல்ஃபி கேமரா சில போன்ல கண்ணாடில பாக்கற மாதிரி திருப்பித்தான் சேவ் பண்ணும், அது எனக்கு உறைக்கவே இல்ல. வீட்டுக்கு வந்து மூக்குத்திய மட்டும் அந்தப் பக்கம் நகத்தினேன், அப்பவும் என்னமோ இடிச்சுது, பாத்தா முந்தானை வலது தோள்ல கிடக்குது. நகத்தினத திரும்ப பழைய இடத்துலயே வச்சிட்டு, Ctrl+Alt+A போட்டு எல்லா லேயரையும் சேத்து செலக்ட் பண்ணி ஒரே ஒரு H. மூக்குத்தி, முந்தானை, நிழல் எல்லாம் அதது பக்கத்துக்கு போயிடுச்சு.