முக்கி எழுந்தவுடன் வரும் மயக்கம்

விடியற்காலையில் நெற்றியில் காயத்துடன் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் முதியவர்களில் பலர், கழிவறையில் வழுக்கி விழுந்ததாகவே சொல்வார்கள். கூச்சத்தினால் மலச்சிக்கலைப் பற்றிப் பேசுவதில்லை. அப்படி வந்த 68 வயதுப் பெரியவர் ஒருவரிடம், "ஐயா, விழுறதுக்கு முன்னாடி கண் இருட்டுச்சா?" என்று கேட்டபோதுதான், "ரொம்ப நேரம் முக்கிட்டு எந்திரிச்சேம்மா, கண்ணைக் கட்டுச்சு, அப்புறம் ஒண்ணும் தெரியல" என்றார்.

மூச்சை அடக்கி முக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் கூடுவதால், உடலிலிருந்து இதயத்திற்குத் திரும்பி வரும் இரத்தம் குறைகிறது; முக்குவதை விட்டதும் இரத்த அழுத்தம் சில நொடிகளுக்கு மேலும் இறங்குகிறது. சிலருக்கு அதே சமயம் வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு இதயத்துடிப்பும் மந்தமாகும். குந்தி அமர்ந்திருந்தவர் சட்டென்று எழுந்தால், இரத்தம் கால்களுக்கு இறங்கி, மூளைக்குப் போவது இன்னும் குறைந்துவிடுகிறது.

அந்தப் பெரியவரின் இ.சி.ஜி. இயல்பாக இருந்தது. படுத்த நிலையில் 140/80 இருந்த இரத்த அழுத்தம், எழுந்து நின்றதும் 110/70 ஆகக் குறைந்தது. நின்ற மூன்று நிமிடங்களுக்குள் மேல் எண் 20 குறைந்தாலே அதை நாங்கள் பொருட்படுத்துவோம். புரோஸ்டேட் வீக்கத்திற்காக இரவில் டாம்சுலோசின் சாப்பிட்டு வந்தார். இரத்த நாளங்களையும் சற்றுத் தளர்த்தும் மாத்திரை அது. இரவில் அடிக்கடி எழ வேண்டியிருக்கிறதே என்று தண்ணீரையும் குறைத்திருந்ததால் மலம் இறுகியது, இறுகியதால் முக்க வேண்டியதாயிற்று.

மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது என்று சொல்லி, சிறுநீர்ப்பாதைப் பிரிவு மருத்துவரிடம் அனுப்பினோம். தண்ணீரைப் பகலிலேயே போதுமான அளவு குடித்துவிட்டு மாலைக்குப் பிறகு குறைக்கவும், மலத்தை இளக்க லாக்டுலோஸ் மருந்தை எடுத்துக்கொள்ளவும், முக்க நேர்ந்தால் மூச்சை வெளியே விட்டபடி முக்கவும் சொன்னோம். குந்தும் கழிவறைக்குப் பதிலாக நாற்காலி போன்றதைப் பயன்படுத்தி, கால்களை ஒரு சிறு பலகைமேல் வைத்து அமர்ந்தால் மலம் எளிதாக இறங்கும். முடிந்ததும் ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்து, சுவரில் பதித்த கைப்பிடியைப் பிடித்தபடி எழ வேண்டும். தாழ்ப்பாள் போடாதீர்கள் என்ற ஒன்றுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

அவருடைய மகன் செய்த ஒன்றையும் குறிப்பிட வேண்டும். அப்பாவைத் தூக்கி நிமிர்த்தி உட்காரவைத்துப் பிடித்திருக்கிறார். கைகால் லேசாக வெட்டியிழுத்ததும் வலிப்பென்று எண்ணி, கையில் சாவிக்கொத்தைக் கொடுத்திருக்கிறார். மயங்கியவரை நிமிர்த்தி வைத்தால் மூளைக்கு இரத்தம் போவது தடைபட்டு, அந்த வெட்டுதல் வரலாம். தரையில் படுக்கவைத்துக் கால்களை உயர்த்தினாலே பெரும்பாலும் நினைவு திரும்பிவிடும்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், படபடப்பு, தார் போன்ற கறுப்பு மலம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும், முன்னறிகுறியே இல்லாமல் திடீரென்று சாய்ந்தாலும், முக்கியதுதான் காரணம் என்று விட்டுவிடாமல் அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும்; நுரையீரலில் இரத்தக்கட்டி அடைத்திருப்பதும், குடலில் இரத்தம் கசிவதும்கூட முதலில் கழிவறை மயக்கமாகவே வெளிப்படலாம்.