மாத்திரை கூடியும் இறங்காத பிரஷர்: காரணம் அதிமதுரம்

பிரஷருக்கு அம்லோடிபின் 5 மில்லிகிராம் பல காலமாகச் சாப்பிட்டு வருகிறேன். வீட்டில் அளந்தால் 130/80 பக்கத்தில்தான் இருக்கும். இடையில் அது மெல்ல ஏறி 160-ஐத் தாண்டியது. மருத்துவர் மாத்திரையை 10 மில்லிகிராம் ஆக்கினார். பிரஷர் இறங்கவில்லை, கணுக்கால்தான் வீங்கியது. அம்லோடிபின் சாப்பிடுபவர்களுக்குக் கால் வீங்குவது சாதாரணம் என்பதால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்து குளோர்தாலிடோன் என்ற நீர் மாத்திரை சேர்ந்தது. அதற்குப் பிறகு படியேறினால் தொடையில் வலுவே இல்லை, இரவில் கெண்டைக்கால் பிடித்து இழுத்தது.

ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 2.8 என்று வந்தது. 3.5-க்குக் கீழே போகக் கூடாது. மிகவும் குறைந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும் என்பதால் அன்றே ஈ.சி.ஜி. எடுத்து, பொட்டாசியம் மருந்தும் தொடங்கினார்கள்.

நீர் மாத்திரை பொட்டாசியத்தைச் சிறுநீரோடு வெளியே தள்ளும். பெரும்பாலான இடங்களில் பழியை அதன் மேல் போட்டுவிட்டு விஷயத்தை முடித்திருப்பார்கள். என் மருத்துவர் பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டினார். நீர் மாத்திரை தொடங்கும் முன்பே பொட்டாசியம் 3.4 ஆக இருந்தது. "நீர் மாத்திரை உப்பை வெளியேற்றினா பிரஷர் இறங்கணும். உங்களுக்குப் பொட்டாசியம் மட்டும் போகுது, பிரஷர் அப்படியே நிக்குது. வேற ஏதோ இருக்கு" என்றார்.

அதைப் பிடிக்க ரெனின், ஆல்டோஸ்டீரோன் என்ற இரண்டு ஹார்மோன்களை அளந்தார்கள். உடலில் உப்பும் நீரும் குறைந்தால் சிறுநீரகம் ரெனினைச் சுரக்கும். அதன் தூண்டுதலில் அட்ரினல் சுரப்பி ஆல்டோஸ்டீரோனைச் சுரக்கும். உப்பைப் பிடித்து வைத்துப் பொட்டாசியத்தை வெளியே அனுப்புவது ஆல்டோஸ்டீரோனின் வேலை. அட்ரினல் சுரப்பியில் கட்டி இருந்தால் ஆல்டோஸ்டீரோன் அதிகமாகவும் ரெனின் குறைவாகவும் வரும். நான் பயந்தது அதற்குத்தான். நீர் மாத்திரை மட்டுமே காரணமென்றால் ரெனின் ஏறியிருக்க வேண்டும். எனக்கு இரண்டுமே அடிமட்டத்தில் இருந்தன. ஆல்டோஸ்டீரோன் இல்லாமலேயே ஏதோ ஒன்று அதன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

ரிப்போர்ட்டைப் பார்த்ததும் அவர் கேட்டது ஒரே கேள்வி: "மருந்துக் கடையில வாங்காதது என்னெல்லாம் குடிக்கிறீங்க, மெல்லுறீங்க?" மருந்துச் சீட்டில் இல்லாததையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்து வரச் சொன்னார். சத்து மாத்திரை, இருமல் மிட்டாய், தொண்டைக்காகத் தினமும் மூன்று கோப்பை குடித்துவந்த மூலிகைத் தேநீர் எல்லாம் மேசைக்கு வந்தன. தேநீர்ப் பெட்டியின் பின்புறம் பொடி எழுத்தில் 'கிளிசரைசா கிளாப்ரா வேர்' என்று இருந்தது. அது அதிமதுரத்தின் தாவரப் பெயர். சர்க்கரையே சேர்க்காத அந்தத் தேநீர் ஏன் இனித்தது என்பது அப்போதுதான் விளங்கியது.

அதிமதுரத்துக்கு இனிப்பைத் தரும் பொருள் கிளிசரைசின். உடலில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் எப்போதும் உண்டு. ஆல்டோஸ்டீரோன் போய் ஒட்டும் ஏற்பியில் கார்ட்டிசாலும் ஒட்டக்கூடியது, அளவிலும் மிக அதிகம். அதனால் சிறுநீரகத்தில் ஒரு நொதி, வருகிற கார்ட்டிசாலை அங்கேயே செயலிழக்கச் செய்துவிடும். கிளிசரைசின் குடலில் சிதைந்து உண்டாகும் பொருள் அந்த நொதியைத் தடுத்துவிடுகிறது. பிறகு கார்ட்டிசாலே ஆல்டோஸ்டீரோன் போல நடந்து உப்பைத் தேக்கும், பொட்டாசியத்தை விரட்டும். உடல் உப்பு நிறைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு ரெனினையும் ஆல்டோஸ்டீரோனையும் அடக்கிவிடும். என் ரிப்போர்ட்டில் இருந்தது அச்சுப் பிசகாமல் இதுதான்.

ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம் கிளிசரைசினுக்கு மேல் போக வேண்டாம் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவியல் குழு சொன்ன வரம்பு. வேருக்கு வேர் இதன் அளவு பெரிதும் மாறும். ஐந்து சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஒன்றரை கிராம் வேர் உள்ள ஒரு தேநீர்ப் பையில் 75 மில்லிகிராம். மூன்று கோப்பைக்கு 225. வெந்நீரில் பாதிதான் இறங்கியது என்றாலும் வரம்பைத் தாண்டிவிடுகிறது. எப்போதாவது ஒரு கோப்பை குடிப்பவருக்கு இப்படி ஆவது அரிது. நாள் தவறாமல் குடிப்பதில்தான் சிக்கல். பிரஷர் உள்ளவருக்கும் பொட்டாசியத்தை இறக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்கும் அது இன்னும் அதிகம். கிளிசரைசின் நீக்கிய அதிமதுரம் தனியாக விற்கிறது, அதில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அட்டையில் 'நீக்கியது' என்று தெளிவாக இருக்க வேண்டும்.

தேநீரை அன்றே நிறுத்தினேன், நீர் மாத்திரையை அவர் நிறுத்தினார். அதன் பிறகுதான் பொறுமை தேவைப்பட்டது. நொதி மீள்வதற்கே வாரக்கணக்கில் ஆகும், அடங்கிப்போன ரெனின் எழ மாதக்கணக்கில்கூட ஆகலாம் என்று முன்பே சொல்லியிருந்தார். முதலில் கால் வீக்கம் வடிந்து எடை இறங்கியது. பிரஷர் பிறகுதான் அசைந்தது. இறங்கத் தொடங்கிய கட்டத்தில் எழுந்து நின்றால் தலை சுற்றியது. அதிமதுரத்தை எதிர்த்துக் கூட்டிய மாத்திரை அளவு இப்போது அதிகப்படியாகிவிட்டது. நின்றபடி அளந்த எண்களைக் காட்டியதும் அம்லோடிபின் பழையபடி 5 ஆனது. பொட்டாசியம் மருந்தையும் ரத்தம் பார்த்துப் பார்த்துக் குறைத்து நிறுத்தினார்கள். நோயாளி தன் போக்கில் அதைத் தொடர்ந்தால் பொட்டாசியம் மறுபக்கம் எகிறிவிடும், அதுவும் இதயத்துக்கு ஆபத்து.

சில மாத்திரைகளோடு சேராது என்று சொல்லப்படும் கிரேப்ஃப்ரூட் பழம் பற்றியும் மருந்தாளுநரிடம் கேட்டேன். என் மாத்திரைக்கு அது பெரிய பிரச்சினை இல்லை என்றார். அதே குடும்பத்தைச் சேர்ந்த ஃபெலோடிபின்தான் இதில் பேர்போனது. கனடாவில் டேவிட் பெய்லி குழுவினர் ஃபெலோடிபினோடு மதுவைச் சோதித்தபோது, மதுவின் சுவையை மறைக்க இந்தப் பழச்சாற்றைக் கலந்தார்கள். மருந்து ரத்தத்தில் எதிர்பாராத அளவுக்கு ஏறியது. 1991-ல் தனி ஆய்வாக வெளியிட்டார்கள். இது அதிமதுரத்துக்கு நேரெதிர்: அங்கே மருந்து தோற்கிறது, இங்கே மருந்து மிஞ்சுகிறது. குடல் சுவரில் மருந்தைச் சிதைக்கும் நொதியைப் பழத்தில் உள்ள பொருள் அழித்துவிடும். புதிய நொதி உருவாக ஒன்றிரண்டு நாளுக்கு மேல் ஆகும் என்பதால், காலையில் சாறு, இரவில் மாத்திரை என்று பிரித்துக்கொள்வது பயன்தராது. பப்ளிமாஸிலும் கசப்பு ஆரஞ்சிலும் இதே வகைப் பொருள் உண்டு, சாதாரண இனிப்பு ஆரஞ்சில் இல்லை. அம்லோடிபின் குடலில் அவ்வளவாகச் சிதைவதில்லை, அதனால்தான் தப்பிக்கிறது.

கடைசிப் பரிசோதனையில் பொட்டாசியம் 4.2, பிரஷர் 132/80, ரெனின் மட்டும் இன்னும் முழுதாக எழவில்லை. பின்னால் தேவைப்பட்டால் டெல்மிசார்ட்டன் சேர்க்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அந்த வகை மாத்திரை பொட்டாசியத்தை உடலில் தேக்கும். அதனால் 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்கப்படுவதை வாங்கும் முன் அதில் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார், பெரும்பாலும் இருக்கும்.