சேத்துப்பட்டில் பெரியம்மாவுக்கு எண்ணெய் பூசிய காலை

பெரியம்மாவுக்கு வயது 74. இதய வால்வு பழுது என்று வேலூரில் அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். அதற்கு நான்கு நாள் முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, "சேத்துப்பட்டு மாதாவைப் பார்த்துட்டு வந்துடலாம் கண்ணு" என்றார். சரி என்று விடியற்காலையிலேயே கிளம்பினோம். கண்ணமங்கலம், ஆரணி வழியாகப் பேருந்து. சன்னல் ஓரத்தில் ஜெபமாலையோடு உட்கார்ந்தவர் ஆரணி வரை பேசவில்லை.

சேத்துப்பட்டு லூர்து மாதா கோவில், பிரான்சிலிருந்து வந்து வட ஆற்காட்டிலேயே வாழ்ந்து மறைந்த தாராஸ் சாமியார் எழுப்பியது. எங்கள் குடும்பம் ஞானஸ்நானம் வாங்கியதும் அவர் காலத்தில்தான் என்று பெரியம்மா சொல்வார். திருவிழா நாளாக இருந்தால் உள்ளே நுழைவதே பெரும்பாடு. அன்று பூசைக்கு முப்பது பேர் இருந்திருப்பார்கள்.

உண்மையைச் சொன்னால், நான் இன்னொரு காரணத்துக்காகவும் போயிருந்தேன். அறுவை சிகிச்சைக்கு முன் அவருக்கு நோயில் பூசுதல், அதாவது நோயாளிக்குச் சாமியார் எண்ணெய் பூசிச் செபிக்கிற அருளடையாளம், கொடுக்கச் சொல்லிக் கேட்கவேண்டும் என்று நினைத்திருந்தேன். பூசை முடிந்ததும் சொன்னேன். பெரியம்மா முகம் வெளுத்துவிட்டது.

"அவஸ்தை பூசுறதா? எனக்கா? நான் என்ன சாகவா போறேன்?"

அவஸ்தை பூசுதல் என்பது இதற்குப் பழைய பெயர், அப்போதெல்லாம் சாகும் தறுவாயில்தான் பூசுவார்கள். அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. பத்து வயதில் தன் பாட்டிக்குப் பூசியதைப் பார்த்தவர் அவர். அந்தக் காலத்தில் சாமியார் இலத்தீனில் முணுமுணுத்தபடி கண், காது, மூக்கு, வாய், கை, கால் என்று ஆறு இடங்களில் பூசுவார். ஒவ்வோர் இடத்திலும் அந்தப் புலனால் செய்த பாவத்தை ஆண்டவர் மன்னிக்கட்டும் என்று சொல்வார். சாமியார் வாசலில் கால் வைத்ததுமே உள்ளே ஒப்பாரி தொடங்கியதாம். பெயரே 'அவஸ்தை பூசுதல்' என்றால் யாருக்குத்தான் வயிறு கலங்காது?

இந்தப் பயத்துக்கு எங்கள் வீடு ஒருமுறை விலையும் கொடுத்திருக்கிறது. பெரியப்பா கடைசியில் படுத்திருந்தபோது, அவர் பயந்துவிடுவார் என்று பங்குசாமியைக் கூப்பிடாமல் நாளைக் கடத்தினோம். கூப்பிட்டு அவர் வந்தபோது மூச்சு நின்று ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. சாமி எண்ணெய்ச் சிமிழைத் திறக்கவே இல்லை. இறந்தவருக்காகச் செபித்துவிட்டு, "இது உயிரோடு இருப்பவங்களுக்கான அருளடையாளம்மா" என்று மட்டும் சொன்னார். உயிர் இருக்கிறதா இல்லையா என்ற ஐயம் இருந்தால் பூசலாம். போய்விட்டது என்று தெரிந்த பிறகு பூசுவதில்லை. பெரியப்பாவுக்கு நினைவு இருந்தபோதே கூப்பிட்டிருந்தால் சாமியிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்திருப்பார், நன்மை என்கிற நற்கருணையும் வாங்கியிருப்பார்.

கோவிலில் பூசை வைத்த சாமி வயதானவர். "தோத்திரம் சாமி" என்று போய் நின்றோம். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "சாகப்போறவங்களுக்குக் கொடுக்கிறது நன்மைதான்மா. வழியுணவுன்னு சொல்றோமே, அது. இது வியாதிக்காரங்களுக்கு. ஆபரேஷனுக்கு முன்னாடி வாங்கலாம். குணமாகி மறுபடி விழுந்தாலோ, வியாதி முத்தினாலோ திரும்பவும் வாங்கலாம்" என்றார். வத்திக்கான் சங்கம் பெயரையே மாற்றச் சொன்னது, 1972இல் ஆறாம் பவுல் பாப்பரசர் சடங்கையும் வார்த்தைகளையும் மாற்றினார் என்பதையெல்லாம் பெரியம்மாவிடம் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. திரும்பவும் வாங்கலாம் என்ற ஒரு வாக்கியம் அவருக்குப் போதுமாக இருந்தது. திரும்ப வாங்க ஆள் இருக்கவேண்டுமே!

முதலில் பாவசங்கீர்த்தனம். நான் தள்ளிப் போய் நின்றுகொண்டேன். பிறகு மாதா பீடத்துக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். நோயுற்றவர் திருச்சபையின் மூப்பர்களை அழைக்கட்டும், அவர்கள் ஆண்டவர் பெயரால் எண்ணெய் பூசி வேண்டட்டும் என்கிற யாக்கோபின் வரிகளை வாசித்தார். சின்ன மன்றாட்டு மாலை ஒன்று. அதன் பிறகு புத்தகத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கைகளையும் பெரியம்மாவின் தலைமேல் வைத்தார்.

ஒன்றும் சொல்லவில்லை. பெரியம்மா கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். சாமிக்கு வார்த்தை மறந்துவிட்டதோ என்று நினைத்திருப்பார். ஜெபக் கூட்டங்களில் தலையில் கை வைத்தால் சத்தம் கூரையைப் பிளக்கும், அதைப் பார்த்துப் பழகியவர். ஆனால் இந்த இடத்தில் சடங்கே வார்த்தை வைக்கவில்லை. கை வைப்பது மௌனத்தில்தான் நடக்கவேண்டும். வெளியே ஒரு டிராக்டர் போகிற சத்தம் கேட்டது. மெல்லப் பெரியம்மாவின் தோள்கள் தளர்ந்து இறங்குவதைப் பார்த்தேன்.

அடுத்தது எண்ணெய். கட்டைவிரல் அளவு உலோகச் சிமிழ், உள்ளே எண்ணெயில் நனைந்த பஞ்சு. சிந்தாமல் இருக்கத்தான் பஞ்சு. புனித வாரத்தையொட்டி ஆயர் மந்திரித்து எல்லாப் பங்குகளுக்கும் கொடுக்கிற நோயாளர் எண்ணெய் அது. ஏற்கெனவே மந்திரித்தது என்பதால் சாமி அதன்மேல் நன்றி மன்றாட்டு மட்டும் சொன்னார். வழக்கமாக ஒலிவ எண்ணெய்தான். ஒலிவம் கிடைக்காத நாடுகளை நினைத்து, 1972க்குப் பிறகு வேறு தாவர எண்ணெயும் ஆகும் என்று அனுமதித்திருக்கிறார்கள்.

சாமி பஞ்சில் கட்டைவிரலை ஒற்றி, நெற்றியில் சிலுவை வரைந்தார். "இப்புனிதப் பூசுதலாலும் தமது பேரிரக்கத்தாலும் ஆண்டவர் தூய ஆவியின் அருளால் உமக்குத் துணைபுரிவாராக." நாங்கள் ஆமென் என்றோம். பிறகு உள்ளங்கைகளில். "பாவங்களிலிருந்து உம்மை விடுவித்து, மீட்டு, கனிவோடு எழுப்புவாராக." என் நினைவில் நின்றபடி எழுதுகிறேன், பொருள் இதுதான். ஆறு இடம் இரண்டாகிவிட்டது. அவசரமானால் நெற்றி ஒன்றே போதும். இரண்டு கையிலும் ஊசியும் குழாயுமாகப் படுத்திருப்பவரை யாரும் புரட்டவேண்டியதில்லை.

எனக்கு அந்த 'எழுப்புவாராக' பிடித்திருந்தது. குணமாக்குவார் என்று அந்த வாசகம் வாக்குக் கொடுக்கவில்லை. படுக்கையிலிருந்து எழுப்பினாலும் எழுப்புதல்தான், கடைசி நாளில் எழுப்பினாலும் எழுப்புதல்தான். யாக்கோபின் வரியிலும் இந்தச் சொல்தான் இருக்கிறது.

முதியோருக்கான செபம் ஒன்றைச் சொல்லி, பரலோக மந்திரத்தோடும் ஆசீரோடும் முடித்தார். எல்லாம் பதினைந்து நிமிடம் இருக்கும்.

பெரியம்மா உள்ளங்கையை மோந்து பார்த்தார். "வாசனையே இல்லையே சாமி?"

"வாசனை கிறிஸ்மா தைலத்துலதான் கலப்பாங்க. அது உறுதிபூசுதலுக்கு. இது வெறும் எண்ணெய்தான்."

"அப்போ ஒரு சின்ன பாட்டில்ல கொஞ்சம் கொடுங்க. நெஞ்சுல தேய்ச்சிக்கிறேன்."

"அது முடியாதும்மா" என்றார் சாமி. கடையில் விற்கிற ஜெப எண்ணெயை யாரும் வாங்கிப் பக்தியோடு தடவிக்கொள்ளலாம், தப்பில்லை. இந்த எண்ணெயைக் குருவானவர்தான் பூசலாம், கன்னியாஸ்திரியோ உபதேசியாரோகூடப் பூசக்கூடாது. வருடம் மாறிப் புது எண்ணெய் வந்ததும் பழையதை எரித்துவிடுவார்கள். பெரியம்மாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

திரும்பும் வழியில் ஆரணியில் இறங்கி ஓட்டலுக்குப் போனோம். கை கழுவ வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். கழுவினால் ஒன்றும் போய்விடாது பெரியம்மா, எண்ணெய் எப்போதோ தோலில் ஊறியாயிற்று என்றேன். கேட்கவில்லை. சர்வரைக் கூப்பிட்டு ஸ்பூன் கேட்டார். அவர் இட்லியை ஸ்பூனால் சாப்பிட்டு நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.