1024 மூட்டைகள்

பிப்ரவரி 9, இரவு 11:20

எங்கள் செஃப் சேமிப்பகத்தில் `ceph osd unset nodeep-scrub` அடித்துவிட்டேன். டீப் ஸ்க்ரப்பை நிறுத்தி வைக்கும் அந்தக் கொடி எட்டு மாதமாக ஏற்றியே இருந்திருக்கிறது. ஜூனில் ஒருநாள் கணினிகள் திணறியபோது "இன்று ஒரு ராத்திரிக்கு மட்டும்" என்று ஏற்றியது நான்தான். எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது, அதையும் மியூட் செய்தது நான்தான். யார் மேலும் பழி போட வழியில்லை.

பிப்ரவரி 10

மனசுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது, இங்கே இறக்கி வைக்கிறேன். ஒரு டிஸ்கில் 8 டெராபைட் தரவு. டீப் ஸ்க்ரப் என்றால் அத்தனை பைட்டையும் ஒன்றுவிடாமல் வாசித்து, நகல்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். வேலை நேரத்தில் யாருக்கும் தொந்தரவு இல்லாமல் வாசிக்க விட்டால் வினாடிக்கு 10 மெகாபைட்தான் கிடைக்கிறது. 8 லட்சம் வினாடி, அதாவது ஒன்பது நாளுக்கு மேல். ஆனால் செஃப் எதிர்பார்ப்பது வாரத்துக்கு ஒருமுறை. ஏழு நாளில் முடிய வேண்டுமென்றால் வினாடிக்கு 13 மெகாபைட்டுக்கு மேல் ஓட வேண்டும். அப்படியானால் ஜூனில் கொடியை ஏற்றாமலே இருந்திருந்தாலும் நாம் பின்தங்கிக்கொண்டேதான் இருந்திருப்போம். இது எனக்கு ஆறுதலா, இன்னொரு குற்றமா தெரியவில்லை.

தரவு மொத்தம் 1024 மூட்டைகளாகப் பிரிந்து கிடக்கிறது. இங்கே எல்லோரும் பி.ஜி. என்கிறோம், எனக்கு அவை மூட்டைகள்தான். ஒவ்வொன்றிலும் சுமார் 62 ஜிகாபைட், ஒவ்வொன்றுக்கும் மூன்று நகல், மூன்றும் வெவ்வேறு கணினியில்.

இதுவரை முடிந்தது 71.

பிப்ரவரி 11, அதிகாலை 3:05

தூக்கத்தைக் கெடுத்தது இந்த வரி:

```
bad crc32c/0x1000 checksum at blob offset 0x0, got 0x6706be76
```

கை நடுங்கியது. அப்புறம் அந்த எண்ணை எங்கேயோ பார்த்த நினைவு வந்தது. உட்கார்ந்து சோதித்தேன். 4096 பைட்டும் பூஜ்யமாக ஒரு பிளாக் எடுத்து, தரவைச் சரிபார்க்கும் செக்சம் எண்ணான crc32c-ஐ செஃப் போடும் முறையிலேயே போட்டால் வருவது சரியாக அதே 0x6706be76. அதாவது டிஸ்க் தப்பான தரவைக் கொடுக்கவில்லை, வாசிப்புக்கு வெறும் பூஜ்யம் வந்திருக்கிறது. அந்த நேரத்தில் அந்தக் கணினி நினைவகம் போதாமல் ஸ்வாப்பில் தத்தளித்துக்கொண்டிருந்தது. அந்த மாதிரி நெருக்கடியில் கெர்னல் இப்படிப் பூஜ்யம் கொடுப்பது செஃப் ஆட்களுக்குப் பழைய தலைவலி. அதற்காகவே செக்சம் பொருந்தாவிட்டால் மூன்று முறை மறுபடி வாசித்துப் பார்க்கும் ஏற்பாடு இருக்கிறது (`bluestore_retry_disk_reads`). மறுவாசிப்பில் சரியாக வந்துவிட்டது. டிஸ்கில் இருக்கும் தரவு நல்லபடியாகவே இருக்கிறது.

தூங்கப் போகிறேன்.

பிப்ரவரி 11, மாலை

தூங்கவில்லை. 196.

பிப்ரவரி 12

மேலாளர் கேட்டார்: "ஒவ்வொரு பிளாக்குக்கும் செக்சம் இருக்கே, அப்புறம் ஏன் இந்த ஸ்க்ரப்?" நியாயமான கேள்விதான், கொஞ்சம் எரிச்சலோடு பதில் சொல்லிவிட்டேன். செக்சம் தானாக எழுந்து வந்து எதையும் சொல்லாது. யாராவது அந்த பிளாக்கை வாசிக்கும்போதுதான் கணக்குப் போட்டு, பொருந்தவில்லை என்று கத்தும். நம்மிடம் இருப்பது ஸ்கேன் செய்த பழைய ஆவணங்கள், பாதிக்கு மேல் ஏற்றிய நாளிலிருந்து யாரும் திறந்ததே இல்லை. அந்த பிளாக்குகள் இன்று கெட்டிருந்தால் இன்று தெரியாது. வேறொரு டிஸ்க் செத்து, அதை ஈடுகட்ட மிச்ச நகலைத் தேடிப் போகும் அன்றைக்குத்தான் தெரியும். அன்றைக்கு மூன்று நகலில் ஒன்று செத்தது, ஒன்று கெட்டது, ஒன்றே ஒன்று மிச்சம். அதுவும் எட்டு மாதமாக யாரும் பார்க்காதது.

ஒரு விஷயத்தில் நிம்மதி. ஒரே மூட்டையின் இரண்டு நகல்களிலும் கெட்ட பிளாக் இருப்பதால் மட்டும் எதுவும் போய்விடாது. இந்த நகலில் ஒரு ஆப்ஜெக்ட், அந்த நகலில் வேறொரு ஆப்ஜெக்ட் என்றால் இரண்டையும் மீட்கலாம். ஒரே ஆப்ஜெக்ட் மூன்றிலும் கெட்டால்தான் போச்சு. மூன்று டிஸ்கும் ஒரே இடத்தில் தற்செயலாகக் கெடுமா என்ன? என்று அவரிடம் சொன்னேன்.

பிப்ரவரி 13

318.

பிப்ரவரி 14, இரவு 1:40

```
pg 4.1a7 is active+clean+inconsistent, acting [12,31,7]
```

இது பூஜ்யம் இல்லை. `rados list-inconsistent-obj 4.1a7` போட்டதும் osd.12 என்ற டிஸ்கின் நகலில் `read_error`, மற்ற இரண்டும் சுத்தம். லாகில் `got 0x1f2c9a04`, மறுபடி வாசித்தாலும் அதே எண், மூன்றாவது முறையும் அதே எண். இந்த முறை தப்பு வாசிப்பில் இல்லை, எழுதி வைத்திருப்பதிலேயே இருக்கிறது.

இரவு ஷிஃப்ட் தம்பி கேட்டான்: "அண்ணா, `ceph pg repair` கொடுத்துடட்டுமா?" பொறுடா என்றேன். ரிப்பேர் கொடுத்தால் நல்ல நகலிலிருந்து எடுத்துக் கெட்டதன் மேல் எழுதிவிடும், அதுவே நல்ல முடிவும்கூட. ஆனால் எழுதிய பிறகு எப்படிக் கெட்டது என்று பார்க்கத் தடயம் இருக்காது. லாக் வரியில் டிஸ்கின் எந்த இடம் என்றும் இருக்கிறது. `dd` வைத்து அந்த 4096 பைட்டை மட்டும் உருவி எடுத்தேன், osd.31-இல் இருக்கும் நல்ல நகலின் அதே பகுதியோடு ஒப்பிட்டேன்.

```
$ cmp -l nalla.bin ketta.bin
1877 141 101
```

4096 பைட்டில் ஒரே ஒரு பைட். எண்கள் ஆக்டலில் இருக்கின்றன: 141 என்றால் சின்ன a, 101 என்றால் பெரிய A. ஒரு பிட்தான் வித்தியாசம். ஆவணத்தின் விவரக் கோப்பில் `page` என்றிருக்க வேண்டியது `pAge` என்று இருக்கிறது. மனிதக் கண்ணுக்குத் தட்டச்சுப் பிழை மாதிரிதான் தெரியும்.

ரிப்பேர் கொடுத்தாயிற்று. மூட்டை சுத்தம்.

பிப்ரவரி 14, மதியம்

ஒரு பிட்.

நேற்றிரவு கண்டுபிடித்துவிட்டேன் என்று குதித்தவன் இன்று சாப்பிடும்போது கையை நிறுத்தினேன். ஹார்ட் டிஸ்க் ஒவ்வொரு செக்டரோடும் தன் சொந்தப் பிழைதிருத்தக் குறியீட்டையும் எழுதி வைக்கிறது. காந்தத் தட்டின் மேல் ஒற்றை பிட் புரண்டால் டிஸ்கே சத்தமில்லாமல் திருத்திக்கொள்ளும். பெரிதாகக் கெட்டால் வாசிக்க முடியவில்லை என்று கத்தும். `smartctl` பார்த்தேன், பெண்டிங் செக்டர் பூஜ்யம், டிஸ்க் சமர்த்தாக இருக்கிறது. அப்படியானால் அந்த பிட் தட்டில் புரளவில்லை. செக்சம் போட்ட பிறகு, தட்டைத் தொடுவதற்கு முன்னால், வழியில் எங்கோ புரண்டிருக்கிறது. கன்ட்ரோலராக இருக்கலாம், டிஸ்கின் கேஷாக இருக்கலாம்.

கணினியின் ராமாகவும் இருக்கலாம். osd.12 இருக்கும் பெட்டி பழசு. பிழை திருத்தும் ECC இல்லாத ராம். "தற்காலிகமாக" சேர்த்தது.

பிப்ரவரி 14, இரவு

ராம் என்றால் கதையே வேறு. செஃபில் எழுத வருபவன் மூட்டையின் முதல் நகலிடம் கொடுக்கிறான், அதுதான் மற்ற இரண்டுக்கும் அனுப்புகிறது. கம்பியில் போகும்போது ஒரு crc காவல் காக்கும், டிஸ்கில் இறங்கும்போது ஒரு crc காவல் காக்கும். இரண்டுக்கும் நடுவில் ராமில் கிடக்கும் அந்தக் கண நேரம் காவல் இல்லை. செக்சம் போட்ட பிறகு பிட் புரண்டால் ஒரு நகல் கெடும், ஸ்க்ரப் பிடித்துவிடும். நேற்று நடந்தது அதுதான். அனுப்புவதற்கு முன்பே புரண்டால் கெட்டதையே மூன்று பேரும் வாங்கி, கெட்டதற்கே ஒழுங்காக செக்சம் போட்டு, மூன்றும் ஒத்துப்போகின்றன என்று ஸ்க்ரப் சந்தோஷமாகச் சொல்லும்.

12-ஆம் தேதி மேலாளரிடம் "மூன்றும் தற்செயலாகக் கெடுமா என்ன" என்றவன் நான்.

பிப்ரவரி 15

அந்தப் பெட்டியில் 12, 13, 14, 15 என்று நான்கு டிஸ்க். நான்குக்கும் `ceph osd primary-affinity osd.12 0` என்ற கணக்கில் போட்டேன். இனி அந்தப் பெட்டி எதற்கும் முதல் நகலாக இருக்காது, அதன் ராம் வழியாக மற்றவர்களுக்கு எதுவும் போகாது. பெட்டியை இப்போதே அணைத்துவிடலாமே என்றான் தம்பி. அணைத்தால் அதில் இருக்கும் மூட்டைகளுக்கெல்லாம் இரண்டு நகல்தான் மிஞ்சும், அந்த இரண்டில் பாதியை இன்னும் ஸ்க்ரப் தொடவே இல்லை. முதலில் அந்த மூட்டைகளை முன்னால் தள்ளி டீப் ஸ்க்ரப் முடிப்போம், பிறகு காலி செய்வோம் என்று முடிவு.

571.

பிப்ரவரி 17

இன்னும் மூன்று மூட்டைகள் `inconsistent`. மூன்றிலும் கெட்ட நகல் அதே பெட்டியில், 13-இல் இரண்டு, 15-இல் ஒன்று. வெவ்வேறு டிஸ்க், ஒரே பெட்டி. டிஸ்கின் கேஷ் மேல் இருந்த சந்தேகம் போய்விட்டது.

பிப்ரவரி 18

அந்தப் பெட்டியின் மூட்டைகள் எல்லாம் முடிந்தன. காலி செய்ய ஆரம்பித்தாயிற்று.

பிப்ரவரி 20, அதிகாலை

பெட்டி காலி. ராமைச் சோதிக்க மெம்டெஸ்ட் போட்ட நாற்பதாவது நிமிடத்தில் சிவப்பு. ஒரே முகவரி வட்டாரம், ஒரே பிட். சந்தோஷப்பட்டேன், வெட்கமாக இருந்தது.

பிப்ரவரி 20, மாலை

1024. `HEALTH_OK`. தம்பி படம் எடுத்து அனுப்பினான். அந்த OK எதைச் சொல்கிறது என்று எனக்குத் தெரியும், மூன்று நகலும் ஒன்றாக இருக்கின்றன என்று மட்டும்தான்.

பிப்ரவரி 21

ஸ்கேன் செய்யும் இடத்தில், ஏற்றுவதற்கு முன்பே, ஒவ்வொரு கோப்புக்கும் sha256 எடுத்து ஒரு பட்டியல் வைக்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு முன் அதை வீண் வேலை என்று சொன்னேன், நல்லவேளை அவர்கள் கேட்கவில்லை. அந்தப் பெட்டி சேர்ந்த நாளிலிருந்து ஏறிய கோப்புகளை எல்லாம் திருப்பி வாசித்து அந்தப் பட்டியலோடு சரிபார்க்க விட்டிருக்கிறேன். எந்தக் கோப்பு எழுதப்பட்டபோது யார் முதல் நகல் என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது, அதனால் எல்லாமே.

பிப்ரவரி 22

OK, OK, OK. திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 23, இரவு 2:15

```
thoguppu-0418/pakkam-233.tif: FAILED
```

அதன் மூட்டைக்கு மறுபடி டீப் ஸ்க்ரப் கொடுத்தேன். சுத்தம். மூன்று நகலும் அச்சு அசலாக ஒரே மாதிரி, மூன்றும் தப்பு. ஸ்கேன் இடத்தில் மூலப் பிரதி வைத்திருக்கிறார்களா, ஏற்றியதும் அழித்துவிடுவார்களா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். காலையில்தான் பதில் வரும்.

2:50

இன்னொன்று.