ஒரே யானைக்கு மூன்று உயரம் எழுதிய கதை

பர்மாவில் பெகு யோமா மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் கரும்புக் கொல்லையில் யானை இறங்கியதற்கு எழுதிக்கொடுத்த தாள் இரண்டு முறை திரும்பி வந்தது. முதல் முறை நான் எழுதியிருந்த உயரம் ஒன்றல்ல, மூன்று. எழுத்தர் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மேல் பக்கத்தில் ஒன்பதடி, கீழே பத்தடி, ஓரத்தில் எட்டடி. வந்தது மூன்று யானையா?" என்று கேட்டார். ஒன்றுதான் என்றேன். "அப்படியானால் அதற்கு ஒரே உயரத்தை எழுதிக்கொண்டு வாருங்கள்" என்று நாற்பது மைல் திருப்பி அனுப்பிவிட்டார். கோபம் வந்தாலும் அவர் கேட்டதில் தவறில்லை, அளந்தவன் நான்தான்.

ஆசிய யானையின் முன்னங்கால் தடத்தைச் சுற்றி நூல் பிடித்து, அந்த நீளத்தை இரட்டித்தால் தோள் உயரம் ஏறக்குறைய வந்துவிடும் என்ற கணக்கு இங்கே எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். எந்தத் தடத்தில் நூல் பிடிப்பது என்பதில்தான் நான் கோட்டைவிட்டேன். பத்தடி வந்த தடத்தின் சுற்றளவு 60 அங்குலம். மறுபடி போய்க் குனிந்து பார்த்தபோதுதான் அதன் முன்விளிம்பில் நகப் பதிவுகள் இரண்டு வரிசையாக, ஒன்றுக்குப் பின் ஒன்று நான்கு விரற்கடை தள்ளி இருப்பதைக் கண்டேன். நடக்கும் யானையின் பின்னங்கால் பெரும்பாலும் முன்னங்கால் பதிந்த இடத்திலேயே, அல்லது அதை ஒட்டியே விழும். நான் சுற்றி அளந்தது இரண்டு கால்களின் கூட்டுத் தடம். முன்னங்கால் தடம் வட்டமாக இருக்கும். நீள்வட்டமாகத் தெரிந்தால் அது பின்னங்காலாகவோ இப்படி ஒன்றன்மேல் ஒன்று விழுந்ததாகவோ இருக்கலாம், அதில் நூல் பிடிக்காதீர்கள்.

ஒன்பதடி வந்தது வாய்க்கால் சேற்றில். அங்கே வட்டம் அழகாகத்தான் இருந்தது, ஆனால் கால் புதைந்து எழும்போது கரை சரிந்து மேல்வாய் அகன்றுவிட்டது. மேல்விளிம்பில் 54 அங்குலம் இருந்த அதே தடத்தின் அடித்தளத்தில், உள்ளங்கால் உண்மையாக அழுந்திய இடத்தில், நூலைப் பதித்து எடுத்தால் 49 அங்குலம்தான். வரப்பு திரும்பும் மூலையில் யானை வளைந்து போயிருந்ததால் முன்னங்கால் தனியாக, ஈரம் காய்ந்த கெட்டி மண்ணில் பதிந்திருந்தது. அதன் சுற்றளவு 48 அங்குலம், ஆகவே உயரம் எட்டடி. முதல் நாளே ஓரத்தில் எழுதிவிட்டு நம்பாமல் விட்ட எண் அதுதான்.

இந்த முறை ஆத்திரத்தில் இன்னொரு வேலையும் செய்தேன். மரம் இழுக்கும் யானைகளின் முகாமில் பாகனாக இருக்கும் ஒருவரிடம் மாமா என்னை அழைத்துப் போனார் (பாகனை இங்கே ஊஸி என்பார்கள், நம்மவர்கள் காதில் அது ஊசியாகத்தான் விழும்). அவர் தம் பெண் யானையைக் கெட்டி மண்ணில் நடத்திக் காட்டினார். தடம் 44 அங்குலம், இரட்டித்தால் ஏழடி நான்கு அங்குலம். தோளில் குறுக்குக் கழி வைத்து அளந்தபோது ஏழடி ஐந்து. எப்போதும் இவ்வளவு நெருங்காது, சில அங்குலம் கூடலாம் குறையலாம் என்று அவரே எச்சரித்தார்.

தாளில் யானை எட்டு வைத்த நீளத்தைக் கேட்கும் கட்டம்தான் அதைவிடப் பெரிய தொல்லை. முதலில் இடது காலிலிருந்து அடுத்து விழுந்த வலது கால் வரை அளந்து, பாதியை எழுதியிருந்தேன். ஒரே கால் மறுபடி விழும் இடம் வரை அளப்பதுதான் எட்டு. திருத்தி அளந்தபோது, கரும்பைத் தின்றுகொண்டே நகர்ந்த இடத்தில் ஐந்தரை அடி, வெடி போட்டு விரட்டிய பிறகு வண்டிப்பாதையைக் கடந்த இடத்தில் ஒன்பது அடி. அதே யானை, அதே இரவு. வேகம் கூடினால் எட்டு நீளும் என்பதால், எட்டை மட்டும் வைத்து உயரம் சொல்ல முடியாது. தடத்திலிருந்து உயரம் கிடைத்த பிறகு, எட்டைக் கொண்டு அது மெல்ல நடந்ததா விரைந்து போனதா என்றுதான் சொல்லலாம். விலங்குகளின் நடையை ஆராய்ந்த மெக்நீல் அலெக்சாண்டர் 1976-இல் தந்த சூத்திரமும் கால் உயரத்தையும் எட்டையும் சேர்த்து வேகத்தைத்தான் கணக்கிடுகிறது.

மூன்றாம் முறை எட்டடி என்று ஒரே உயரத்தையும், எட்டுக்கான கட்டத்தில் இரண்டு நீளங்களையும் எங்கே அளந்தேன் என்பதோடு எழுதிக் கொடுத்தேன். எழுத்தர் உயரத்தைப் பார்த்துத் தலையாட்டினார்; பிறகு கட்டம் ஒன்றுதான் இருக்கிறது என்று சொல்லி, ஒன்பது அடியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு முத்திரை குத்தினார்.